கழுதையின் படத்தில் குளம்பு தெரிகிறதா?

மன்னார் நகரத் தெருக்களில் கழுதைகள் கட்டின்றித் திரிவதை அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். மட்டக்களப்பு வாவிக்கரையில் அவை அவ்வளவு பழக்கமில்லை. ஆரையம்பதியில் ஒருவர் கழுதை வாங்க விரும்பி, விற்பவர் கைபேசியில் அனுப்பிய படங்களைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உருண்ட உடல், தடித்த கழுத்து, அடர்ந்த மயிர். பார்வைக்கு நல்ல விலங்குதான்.

ஒட்டகம் வாங்குபவர் முதலில் திமிலைப் பார்ப்பார். அது கொழுப்பின் சேமிப்பு. தீனி குறைந்தால் திமில் சுருங்கித் தளரும்; நன்றாகத் தின்றால் மறுபடி நிமிரும். கழுதைக்குத் திமில் இல்லை. மிஞ்சிய கொழுப்பு கழுத்தின் மேல்விளிம்பிலும் விலாவிலும் பிட்டத்திலும் திட்டுத் திட்டாகப் படியும். கழுத்துத் திட்டு காலப்போக்கில் இறுகிவிடும். பின்னாளில் உடல் மெலிந்தாலும் அது எளிதில் கரையாது; மிகவும் கனத்தால் ஒரு பக்கமாகச் சரிந்தும் விடும். ஆகவே தடித்த கழுத்தைக் கண்டு இன்றைய உடல்நிலையைச் சொல்ல முடியாது.

மயிரும் ஏமாற்றும். நீண்ட மயிருக்குள் விலா எலும்புகள் மறைந்துகொள்ளும், தொட்டால்தான் தெரியும். ஆனால் முதுகில் வெள்ளை மயிர்த் திட்டு இருந்தால் கவனிக்கவேண்டும். சுமையோ கயிறோ உரசி ஆறிய புண்ணில் பெரும்பாலும் வெள்ளை மயிரே முளைக்கும். முதுகில் நெடுக்காகவும் தோளில் குறுக்காகவும் ஓடும் கருங்கோடு மட்டும் பிறவியிலேயே உள்ளது.

உண்மையை அதிகம் சொல்வது கால்தான். விற்பவர் புல்லுக்குள் நிறுத்திப் படமெடுத்தால் குளம்பு தெரியாது. மணலில் அலையும் விலங்குக்குக் குளம்பு போதிய அளவு தேயாமல் முன்புறம் நீண்டு வளைய வாய்ப்புண்டு. ஆறு முதல் பத்து வாரத்துக்கு ஒருமுறை சீவாவிட்டால் இந்தக் கோலம் வரும். பக்கவாட்டுப் படத்தில் குளம்பின் முன்விளிம்பும் அதற்கு மேலுள்ள கணுவும் ஒரே நேர்கோட்டில் சாய்ந்திருக்க வேண்டும்.

நிற்கும் விதத்தையும் பார்க்கவேண்டும். ஒரு பின்காலைத் தளர்த்தி நிற்பது வெறும் ஓய்வு. முன்கால்கள் இரண்டையும் நீட்டி, பாரத்தைப் பின்னுக்குச் சாய்த்து நின்றால் குளம்புக்குள் அழற்சி இருக்கலாம். கழுதை வலியை வெளிக்காட்டாத விலங்கு. அதனால் இந்தச் சிறு அடையாளமே பெரிது. அளவு மீறிக் கொழுத்த கழுதைக்கு இந்த நோய் வரும் வாய்ப்பும் அதிகம்.

முன்பணம் கொடுக்குமுன் கேட்கவேண்டியவை மூன்று: சீமெந்துத் தரையில் கழுதையின் வயிற்று உயரத்தில் கைபேசியைப் பிடித்து நான்கு பக்கமும் எடுத்த படங்கள், ஒவ்வொரு குளம்பின் நெருக்கப் படம், போய்த் திரும்பி வரும் நடையின் காணொளி. இவற்றைத் தரத் தயங்குபவரிடம் வாங்கவேண்டாம். தந்தாலும் பல்லையும் விலாவையும் கால்நடை வைத்தியர் ஒருவர் நேரில் தொட்டுப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.