கிரியேட்டின் போட்டால் மறுநாள் வலி குறையுமா?

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கியவர்களுக்கு இந்த ஆலோசனை ஒரு முறையாவது வந்திருக்கும்: "கிரியேட்டின் எடுங்க பிரதர், இந்த வலியெல்லாம் இருக்காது. நாளைக்கே மறுபடி லெக் போடலாம்." சொல்பவர் கதை விடவில்லை. அவருக்கு அப்படித்தான் நடந்திருக்கும். அது கிரியேட்டினால் நடந்ததா என்பதுதான் கேள்வி.

ஒரு செட்டுக்கும் அடுத்த செட்டுக்கும் நடுவில் மூச்சு வாங்கி மீள்வது ஒன்று. திங்கட்கிழமை பயிற்சியின் வலியிலிருந்து புதன்கிழமைக்குள் மீள்வது வேறொன்று. முதலாவதில் கிரியேட்டின் உதவுகிறது. அதில் பெரிய சர்ச்சை இல்லை. தசை சுருங்கச் செலவாகும் ஏடிபி என்ற சக்திப் பொருள் ஓரிரு நொடிக்கு மேல் தாங்காது. அது தீரத் தீர உடனடியாகக் கைமாற்று கொடுப்பது தசைக்குள் இருக்கும் பாஸ்போகிரியேட்டின். கடுமையான செட்டில் அது வேகமாகக் கரையும். ஓய்வின்போது முதலில் விரைவாகவும் பிறகு மெதுவாகவும் நிரம்பும். முழுதாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். வாயால் உட்கொள்ளும் கிரியேட்டின் தசையில் போய்ச் சேர்ந்து இந்த இருப்பைக் கூட்டுகிறது என்று ரோஜர் ஹாரிஸும் அவருடைய சகாக்களும் 1992இல் காட்டினார்கள். இருப்பு கூடியவர் கடைசி செட்டில் இன்னும் ஒன்றிரண்டு முறை எடையைத் தூக்குவார். இறைச்சி, மீன் சாப்பிடாதவர்களுக்குத் தொடக்க இருப்பே குறைவு என்பதால் அவர்களிடம் இந்த வித்தியாசம் கூடுதலாகத் தெரிவதுண்டு.

மறுநாள் வலி இந்தக் கணக்கில் வராது. அது சக்தி தீர்ந்ததால் வரும் வலி அல்ல. லாக்டிக் அமிலம் தேங்கியதாலும் அல்ல. அது பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் ரத்தத்திலிருந்து நீங்கிவிடும், வலியோ அதற்குப் பிறகுதான் தலைகாட்டும். தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும் தருணங்கள்தான் இதற்குக் காரணம்: பஸ்கியில் கீழே உட்காரும் பாதி, டம்பெல்லை மெல்ல இறக்கும் பாதி, மலையிலிருந்து இறங்கும் நடை. அப்போது தசையிழைகளின் நுண்ணிய அமைப்பு அங்கங்கே சிதைகிறது. அதைத் தொடர்ந்து அழற்சி வருகிறது, நரம்பு முனைகள் கூசத் தொடங்குகின்றன. வலி ஓரிரண்டு நாளில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு தணிகிறது.

இந்தச் சிதைவைக் கிரியேட்டின் தடுக்கிறதா என்று நேரடியாகச் சோதித்தவர்கள் எரிக் ராசன், பிரிசில்லா கிளார்க்சன் குழுவினர். 2001இல் வெளியான அந்த ஆய்வில் 23 ஆண்கள் பங்கேற்றார்கள். ஒரு பிரிவுக்கு ஐந்து நாள், தினம் 20 கிராம் கிரியேட்டின். இன்னொரு பிரிவுக்குப் பலனில்லாத போலிப் பொடி. பிறகு எல்லோருக்கும் ஒரே சித்திரவதை: மடக்கிய முழங்கையை ஒரு கருவி வலுக்கட்டாயமாக நீட்ட, முழு பலத்தோடு அதை எதிர்க்க வேண்டும், 50 தடவை. அடுத்த ஐந்து நாளும் கையின் பலம் எவ்வளவு திரும்பியிருக்கிறது, முழங்கை எவ்வளவு மடங்குகிறது, வீக்கம் எவ்வளவு, வலி எவ்வளவு என்று அளந்தார்கள், ரத்தமும் எடுத்தார்கள். எந்த அளவீட்டிலும் இரு பிரிவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. புதியவர்களின் கையில் செய்த செயற்கையான சோதனை இது என்று யாரும் ஆட்சேபிக்கலாம். ராசன் 2007இல் எடைப்பயிற்சி பழகியவர்களை ஸ்குவாட் செய்யவைத்துப் பார்த்தார். விடை மாறவில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2004இல் வந்த ஒரு பிரேசில் ஆய்வில், 30 கிலோமீட்டர் ஓடிய மாரத்தான் வீரர்களில் முன்கூட்டியே கிரியேட்டின் எடுத்தவர்களின் ரத்தத்தில் தசைச் சேதத்தையும் அழற்சியையும் காட்டும் பொருட்கள் குறைவாகவே ஏறியிருந்தன. ஜப்பானில் 2024இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு, 28 நாள் குறைந்த அளவில் எடுத்தவர்களின் கைப்பலம் வேகமாகத் திரும்பியதாகச் சொல்கிறது. இவற்றை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் 2021இல் நார்த்ஈஸ்ட், கிளிஃபோர்ட் இருவரும் அதுவரை வந்த 13 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது வலியிலோ, பலம் திரும்புவதிலோ நம்பத்தக்க பலன் தெரியவில்லை. 48 மணி நேரத்தில் ரத்தத்தில் கிரியேட்டின் கைனேஸ் சற்றுக் குறைந்திருந்தது, அவ்வளவுதான். லேப் ரிப்போர்ட்டில் சிபிகே என்று வருமே, அதே நொதி. தசையிழையின் சவ்வு கிழிந்தால் ரத்தத்தில் கசியும். ஒரே பயிற்சிக்குப் பிறகு ஒருவருக்கு நூற்றுக்கணக்கிலும் இன்னொருவருக்கு ஆயிரக்கணக்கிலும் இருக்கும். அவரவர் வலியோடு அது ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. கிரியேட்டின் டப்பா விற்பவர்கள் இந்த ஒற்றை எண்ணைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்பது எனக்கு வியப்பளிக்கவில்லை.

அப்படியானால் ஜிம் நண்பருக்கு வலி குறைந்தது எப்படி? வலி தந்த ஒரு பயிற்சியை ஒரு முறை செய்துவிட்டாலே போதும், அடுத்த முறை அதே பயிற்சி அதில் பாதிகூட வலிக்காது. இந்தப் பாதுகாப்பு பல வாரம் நீடிக்கும், எந்தப் பொடியும் தேவையில்லை. புதிதாகச் சேர்ந்தவர் முதல் வாரம் வலியில் துடிக்கிறார், இரண்டாம் வாரம் டப்பா வாங்குகிறார், மூன்றாம் வாரம் வலி இல்லை. பெயர் டப்பாவுக்குப் போகிறது.

பழகியவரிடம் இது தலைகீழாகவும் நடக்கலாம். ஒருவர் 60 கிலோவில் ஸ்குவாட் போடுகிறார், நான்கு செட், செட்டுக்கு எட்டு. மொத்தம் 32 முறை, 1,920 கிலோ. கிரியேட்டின் எடுத்து ஒரு மாதத்தில் அவரால் 10, 10, 9, 9 என்று 38 முறை போட முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது 2,280 கிலோ. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேலை, அத்தனை கூடுதல் இறக்கம். மறுநாள் வலி அதேபோல் இருந்தால் அவர் "பொடி வேலை செய்யவில்லை" என்பார். உண்மையில் பொடி வேலை செய்ததால்தான் தசை கூடுதலாக உழைத்திருக்கிறது. 2022இல் கென்ஜி டோமா குழுவினர் செய்த தொகுப்பாய்வில் இந்த முரண் தெரிந்தது. ஒரே ஒரு கடும் பயிற்சிக்குப் பிறகு கிரியேட்டின் எடுத்தவர்களிடம் சேதக் குறியீடுகள் குறைவு. வாரக்கணக்கில் பயிற்சியோடு சேர்த்து எடுத்தவர்களிடம், 24 மணி நேரத்தில், அதிகம்.

ஆகவே வலியை வைத்து கிரியேட்டினை எடைபோடுவதில் அர்த்தமில்லை. எடுக்கிறவர் பார்க்க வேண்டியது நோட்டுப் புத்தகத்தை: அதே எடை, செட்டுகளுக்கு நடுவே அதே ஓய்வு, கடைசி செட்டில் எண்ணிக்கை கூடியதா? மோனோஹைட்ரேட் வகையே போதும், தினம் 3 முதல் 5 கிராம். இருப்பு நிரம்ப மூன்று, நான்கு வாரம் ஆகும் என்பதால் முதல் வாரத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். ஐந்து நாள் 20 கிராம் எடுத்தால் சீக்கிரம் நிரம்பும், கூடவே உடம்பில் தண்ணீர் சேர்ந்து எடை ஒன்று இரண்டு கிலோ ஏறும். மறுநாள் வலிதான் பிரச்சினை என்றால் புதிய பயிற்சியின் முதல் நாளில் செட்டுகளைப் பாதியாக்குவதே பலன் தரும். வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; தசை பெருமளவு சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலையாக அது இருக்கலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இந்தப் பொடியைத் தொடக் கூடாது. மற்றவர்களும் ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது கிரியேட்டின் எடுப்பதைச் சொல்லிவிட வேண்டும். ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் அளவு சற்று ஏறியிருக்கும். காரணம் தெரியாத டாக்டர் சிறுநீரகத்தைச் சந்தேகிப்பார்.