விலைச்சீட்டு எப்போது விற்பனையாகிறது?

சூப்பர் மார்க்கெட் அலமாரியில் ஒரு குக்கருக்குக் கீழே 1,850 ரூபாய் என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. எடுத்துக்கொண்டு பில் போடப் போனால் கணினி 2,100 என்று காட்டுகிறது. "அங்க போட்டிருக்கிற விலைக்குத்தான் தரணும்" என்று வாடிக்கையாளர் வாதாடுகிறார். "பழைய சீட்டை எடுக்க மறந்துட்டாங்கம்மா" என்கிறார் பில் போடுபவர். சுற்றி நிற்பவர்களுக்கு நியாயம் வாடிக்கையாளர் பக்கம் இருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் அலமாரியில் ஒட்டிய சீட்டால் மட்டும் அங்கே ஓர் ஒப்பந்தம் உருவாகிவிட்டதா என்று கேட்டால், சட்டத்தின் பதில் இல்லை என்பதே.

நம் நாட்டில் இந்த விஷயத்தை ஆள்வது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். ஒருவர் முன்மொழிய வேண்டும். மற்றவர் அதை அப்படியே ஏற்க வேண்டும். ஒருவர் தருவதற்கு ஈடாக மற்றவரும் ஏதாவது தர வேண்டும், அல்லது தருவதாகச் சொல்ல வேண்டும். இந்த ஈட்டை மறுபயன் என்பார்கள். வேறு நிபந்தனைகளும் உண்டு என்றாலும், கடையில் எழும் சச்சரவுகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைச் சுற்றியே இருக்கும். முதல் கேள்வி, முன்மொழிந்தவர் யார் என்பது.

இதைத் தெளிவாக்கிய வழக்கு இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கடையில் பிறந்தது. லண்டனை ஒட்டிய எட்ஜ்வேரில் பூட்ஸ் நிறுவனம் தன் கடையைப் புதுமுறைக்கு மாற்றியது. வாடிக்கையாளர் தாமே கூடையை எடுத்துக்கொண்டு அலமாரிகளுக்கிடையே நடந்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அன்று அது புதுமை. ஆனால் விஷப் பட்டியலில் உள்ள சில மருந்துகளின் விற்பனை, பதிவுபெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும் என்று 1933-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொன்னது. பூட்ஸ் கடையில் மருந்தாளுநர் இருந்தது பணம் வாங்கும் மேசை அருகே. 1951-இல் இரண்டு வாடிக்கையாளர்கள் அப்படிப்பட்ட மருந்துகளை எடுத்து வாங்கிச் சென்றதை வைத்து, மருந்தாளுநர் சங்கம் வழக்குத் தொடுத்தது.

சங்கத்தின் வாதம் இது: விலையோடு மருந்தை அலமாரியில் அடுக்கியதுதான் கடையின் முன்மொழிவு, வாடிக்கையாளர் கூடையில் போட்டதுதான் ஏற்பு. அப்படியானால் அலமாரி அருகிலேயே விற்பனை முடிந்துவிட்டது. அங்கே மருந்தாளுநர் இல்லை. ஆகவே சட்ட மீறல். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1953-இல் இதை ஏற்கவில்லை. கூடையில் போட்டதும் ஒப்பந்தம் முடிந்துவிடும் என்றால், சற்றுத் தள்ளி இன்னும் நல்ல பொருளைப் பார்த்தாலும் முதலில் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. வைத்தால் ஒப்பந்த மீறல். இதை எந்தக் கடைக்காரரும் நினைப்பதில்லை, எந்த வாடிக்கையாளரும் நினைப்பதில்லை. அலமாரி என்பது 'வந்து கேளுங்கள்' என்ற அழைப்பு மட்டுமே. பொருளை மேசைக்குக் கொண்டுபோய் வைக்கும் வாடிக்கையாளரே முன்மொழிகிறார். கடை பணத்தை வாங்கிக்கொள்ளும்போது அதை ஏற்கிறது. அந்த இடத்தில் மருந்தாளுநர் இருந்ததால் பூட்ஸ் வென்றது.

குக்கர் விவகாரத்துக்கு விடை இதில் இருக்கிறது. 1,850-க்கு வாங்குவதாக வாடிக்கையாளர் முன்மொழிகிறார், கடை மறுக்கிறது, ஒப்பந்தம் பிறக்கவில்லை. அதே காரணத்தால், 2,100-க்கு வாங்கியே ஆக வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை, வைத்துவிட்டு வந்துவிடலாம். கடைக்குக் கிடைத்த இந்தச் சுதந்திரத்துக்கு எல்லை உண்டு. பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் வாங்கினால் அது எடையளவுச் சட்டப்படி குற்றம். விற்கும் எண்ணமே இல்லாத குறைந்த விலையை விளம்பரப்படுத்தி ஆளை இழுத்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் செய்யலாம். இவை ஒப்பந்தச் சட்டத்துக்கு வெளியே உள்ள பாதுகாப்புகள்.

ஏற்பு என்பது இன்னும் நுட்பமானது. பழைய ஸ்கூட்டர் ஒன்றை ஒருவர் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "60,000-க்குத் தர்றேன் தம்பி" என்கிறார். "52,000-னா இப்பவே எடுத்துக்கிறேன் அண்ணே" என்கிறார் வாங்க வந்தவர். விற்பவர் தலையாட்டவில்லை. இரண்டு நாள் கழித்து வாங்க வந்தவர் போன் செய்து, "சரி, நீங்க சொன்ன 60,000-க்கே வச்சுக்கிறேன்" என்கிறார். ஸ்கூட்டர் அவருடையதாகிவிட்டதா? இல்லை. ஏற்பு எந்த மாற்றமும் நிபந்தனையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 7-ஆவது பிரிவு. 52,000 என்று சொன்னபோது அவர் ஏற்கவில்லை. எதிர் முன்மொழிவு வைத்தார். அதோடு பழைய 60,000 முன்மொழிவு முடிந்துபோனது. இப்போது போனில் சொல்வது புதிய முன்மொழிவு. ஏற்பதா வேண்டாமா என்பது விற்பவரின் விருப்பம். 1840-இல் இங்கிலாந்தில் ஒரு பண்ணையை 1,000 பவுனுக்குக் கேட்டு, 950 என்று பேரம் பேசி, பிறகு 1,000-க்கே ஒத்துக்கொண்டவரின் கதையும் இப்படித்தான் முடிந்தது. 'கடைசியா எவ்வளவுக்குத் தருவீங்க' என்று விசாரிப்பது மட்டும் எதிர் முன்மொழிவு ஆகாது. வேறொரு தொகையைத் தானாகச் சொல்லும்போதுதான் பழையது அறுகிறது.

இனி மறுபயன். விற்பவர் வேறு விதமாகப் பேசுகிறார்: "ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாருக்கும் கொடுக்கமாட்டேன், யோசிச்சு சொல்லுங்க." சனிக்கிழமையே இன்னொருவருக்கு விற்றுவிட்டு, முதலாமவர் ஒத்துக்கொள்வதற்கு முன்பே அதைச் சொல்லியும் விடுகிறார். மனம் கசந்தாலும் வழக்குக்கு இடமில்லை. காத்திருப்பதாகச் சொன்னதற்கு ஈடாக அவருக்கு எதுவும் தரப்படவில்லை. ஏற்பு தெரிவிக்கப்படும்வரை முன்மொழிவைத் திரும்பப் பெற அவருக்கு உரிமை உண்டு. காத்திருப்பதற்காகவே 500 ரூபாய் கொடுத்திருந்தால் நிலைமை வேறு. அப்போது அந்த வாக்குக்கு மறுபயன் வந்துவிடுகிறது, மீறினால் நஷ்டஈடு கேட்கலாம்.

500 ரூபாய் போதுமா என்று தோன்றலாம். எவ்வளவு என்பதை நீதிமன்றம் எடைபோடுவதில்லை. 1,000 ரூபாய் பெறும் குதிரையை ஒருவர் மனமொப்பி 10 ரூபாய்க்கு விற்க ஒத்துக்கொண்டால் அது ஒப்பந்தமே என்று சட்டத்தின் 25-ஆவது பிரிவே உதாரணம் தருகிறது. விலை அத்தனை குறைவாக இருப்பது, சம்மதம் உண்மையில் சுதந்திரமாகத் தரப்பட்டதா என்று சந்தேகிக்க மட்டுமே உதவும்.

பணமாக இருக்க வேண்டியதும் இல்லை. இங்கிலாந்தில் நெஸ்லே நிறுவனம் ஒரு இசைத்தட்டை ஒன்றரை ஷில்லிங்கும் சாக்லேட் உறைகள் மூன்றும் அனுப்புவோருக்குத் தந்தது. உறைகள் வந்ததும் குப்பைக்குத்தான் போயின. பாட்டின் காப்புரிமை வைத்திருந்த சாப்பல் நிறுவனத்துக்குத் தர வேண்டிய பங்கு, தட்டின் சில்லறை விலையைப் பொறுத்தது. நெஸ்லே அதை ஒன்றரை ஷில்லிங் என்று கணக்குக் காட்டியது. 1960-க்கான சட்ட அறிக்கைத் தொகுப்பில் உள்ள தீர்ப்பில், பிரபுக்கள் அவையின் பெரும்பான்மை நீதிபதிகள் உறைகளும் விலையின் பகுதியே என்றார்கள். வாங்கியவர் என்ன செய்தார் என்பது பொருட்டல்ல. கேட்டு வாங்கினார் என்பதே போதும். சாக்லேட் விற்பனை கூடும் என்பதற்காகத்தானே உறையைக் கேட்டார்கள்!

ஸ்கூட்டருக்கு 54,000 என்று இருவரும் ஒத்துக்கொண்டு 1,000 ரூபாய் அட்வான்ஸ் கைமாறிவிட்டால், அது வெறும் காத்திருப்பு அல்ல, முடிந்த ஒப்பந்தம். விற்பவர் பின்வாங்கி, அதே மாதிரி வண்டி சந்தையில் 57,000-க்குத்தான் கிடைக்கிறது என்றால், அட்வான்ஸோடு அந்த 3,000 வித்தியாசத்தையும் கேட்க முடியும். வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும், நிரூபிப்பதுதான் பாடு. வண்டி எண், ஒத்துக்கொண்ட முழு விலை, கொடுத்த தொகை, அது விலையில் கழியுமா அல்லது காத்திருப்புக்கா, மீதி எந்தத் தேதிக்குள் என்ற விவரங்களை ஒரு சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்திட்டாலோ, வாட்ஸ்அப்பில் அனுப்பி 'சரி' என்று பதில் வாங்கிக்கொண்டாலோ, அந்த நிரூபணம் கையில் இருக்கும்.