பொன்முடி மழையும் கரூர் பெட்ஷீட்டும்: பழைய சப்ளையரிடம் பணம் கட்டக் கூடுதல் நாள் கேட்பது எப்படி?

திருவனந்தபுரத்திலிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் பொன்முடி. தென்மேற்குப் பருவமழை வலுத்து எச்சரிக்கை வந்தால் மேலே போக அனுமதி நிறுத்தப்படும். அந்த நாட்களில் மலையிலும் அடிவாரத்திலும் இருக்கும் விடுதிகளில் அறைகள் காலி. ஆனால் கரூரிலிருந்து பெட்ஷீட்டும் தலையணை உறையும் வந்து இறங்கியிருக்கும், பில்லும் கூடவே வந்திருக்கும்.

அப்படி ஒரு சிறிய விடுதியின் கொள்முதல் உங்கள் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். (இது உதாரணத்துக்காக நான் போட்ட கணக்கு, எந்த விடுதியையும் குறிப்பதல்ல.) ஒரே கரூர் தயாரிப்பாளரிடம் எட்டு வருஷமாக வாங்குகிறீர்கள். மாதம் முதல் தேதி ஒரு பில், ரூ.1 லட்சம். 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் ஏப்ரலில் புதுப்பிக்கப்படும். உங்களுக்குக் கூடுதல் அவகாசம் வேண்டும். "கொடுக்கலைன்னா வேற ஆளைப் பார்ப்போம்" என்று அவர் காதில் விழாமல் இதைக் கேட்பது எப்படி?

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். உங்கள் சப்ளையர் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு தயாரிப்பாளர் என்றால், 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் பொருந்தும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் இழுக்க முடியாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டுவட்டி. போதாததற்கு, 2024 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதிப்படி, கெடு தாண்டி ஆண்டு முடிவில் நிலுவையாக நிற்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. பணம் கொடுக்கும் ஆண்டில்தான் காட்டலாம்.

ஆகவே "60 நாள் தாங்க" என்பது பேரமே ஆகாது. அவர் மரியாதைக்காகச் சரி என்றாலும் அது செல்லாது. (சொந்தமாகத் தயாரிக்காமல் வாங்கி விற்கும் வியாபாரி என்றால், உத்யம் பதிவு இருந்தாலும் இந்தப் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது. எனவே பதிவுச் சான்றிதழில் தொழில் வகையைப் பார்த்துவிடுங்கள்.) 45-ம் கேட்காதீர்கள், 40 கேளுங்கள். வங்கி விடுமுறையோ அக்கவுன்ட்ஸில் ஒரு கையெழுத்தோ தாமதமானால் சட்டத்தை மீறாமல் தப்பிக்க அந்த ஐந்து நாள் வேண்டும்.

அவர் பக்கத்துக் கணக்கு

கூடுதல் நாள் என்பது உங்களுக்கு ஒரு வசதி, அவருக்கு ஒரு செலவு. நூலுக்கும் கூலிக்கும் அவர் முன்கூட்டியே பணம் போட்டிருக்கிறார். அந்த நாட்களுக்கு வங்கிக் கடன் வட்டி ஓடும். வட்டி ஆண்டுக்கு 12% என்று வைப்போம். 12 பில்லுக்கும் 15 நாளை 40 ஆக்கினால், ஒவ்வொரு லட்சமும் 25 நாள் கூடுதலாக உங்களிடம் நிற்கும். அவருக்கு ஆண்டுக்குச் சுமார் ரூ.9,900 செலவு. விலையில் கிட்டத்தட்ட 0.8% குறைக்கச் சொல்வதும் இதுவும் ஒன்றுதான். அவர் முகம் சுருங்குவது இதனால்தான், உங்கள் தொனியால் மட்டும் அல்ல.

ஆனால் உங்களுக்கு உண்மையில் 12 மாதமும் நெருக்கடி இல்லையே! ஜூன், ஜூலை, ஆகஸ்ட் பில்களுக்கு மட்டும் 40 நாள் கேளுங்கள். அவர் செலவு சுமார் ரூ.2,500 ஆகக் குறைகிறது. பதிலுக்கு மீதி ஒன்பது பில்லையும் 15-க்குப் பதில் 5-ம் நாளே கட்டுவதாகச் சொல்லுங்கள். ஒன்பது லட்சம், பத்து நாள் முன்னதாக: அவருக்குச் சுமார் ரூ.3,000 மிச்சம். வட்டி 12% இல்லாமல் 10 ஆனாலும் 15 ஆனாலும் தராசு அவர் பக்கமே சாயும். விடுமுறைக் கூட்டம் வரும் மாதங்களில் கையில் பணம் இருக்கும்போது சீக்கிரம் கொடுப்பது உங்களுக்கும் பெரிய வலி இல்லை.

இதில் ஒரு ஓட்டை உண்டு. இந்தத் திட்டத்தில் மே பில் பணம் மே 6-ல் போய்விடும். ஜூன் பில் பணம் ஜூலை 11-ல்தான் போகும். நடுவில் 66 நாள் உங்களிடமிருந்து அவருக்கு ஒரு ரூபாய்கூட வராது. ஆண்டுக் கணக்கு அவருக்கு லாபம் காட்டினாலும், ஜூன் மாதச் சம்பளத்தை லாபக் கணக்கை வைத்துக் கொடுக்க முடியாது. "வேண்டாம் தம்பி" என்று அவர் சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுவாக இருக்கும். ஜூன் பில்லில் பாதியை மட்டும் பழையபடி 15-ம் நாள் கொடுத்தால் இந்த இடைவெளி உடைகிறது.

எப்போது, எந்த வார்த்தையில்?

மார்ச் 28-ம் தேதி கேட்டால், எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் கழுத்தில் கத்தி வைத்த மாதிரிதான். ஜனவரியிலேயே, அந்த மாத பில்லைக் கட்டிய கையோடு கேளுங்கள். நிலுவை வைத்துக்கொண்டு அவகாசம் பேசுவதைவிட மோசமான தொடக்கம் இல்லை. "வேற ரெண்டு இடத்துல கொட்டேஷன் வந்திருக்கு", "மேனேஜ்மென்ட் பாலிசி மாத்திட்டாங்க" இரண்டையும் தவிருங்கள். முதலாவது நேரடி மிரட்டல். இரண்டாவது, பேச ஒன்றுமில்லை என்று கதவைச் சாத்துவது.

முதலில் போன், பிறகு இப்படி ஒரு வாட்ஸ்ஆப்:

"அண்ணே வணக்கம். ஏப்ரல்ல நம்ம ஒப்பந்தம் புதுப்பிக்கணும். உங்ககிட்டதான் வாங்கப் போறோம், அதுல மாத்தமில்ல. ஜூன்லருந்து ஆகஸ்ட் வரைக்கும் மழையில மலைரோட்டை அடிக்கடி மூடிடறாங்க, வரவு படுத்துடுது. அந்த மூணு பில்லுக்கு மட்டும் 40 நாள் கிடைக்குமா? மத்த ஒன்பது பில்லையும் அஞ்சாம் நாளே போட்டுடறோம். ஜூன் மாசம் உங்களுக்கு இடிக்கும்னா சொல்லுங்க, பாதியை முன்னாடியே தர்றோம். முடியலைன்னா இப்ப இருக்கறபடியே கையெழுத்துப் போட்டுக்கலாம்."

"கடைசி வரியைச் சொல்லிட்டா நம்ம பிடி போயிடாதா?" என்று உங்கள் மேலாளர் கேட்பார். நியாயமான கேள்வி. உண்மையிலேயே விலகும் எண்ணம் இருந்தால் அந்த வரியை எழுதாதீர்கள், அது வேறு பேச்சுவார்த்தை. ஆனால் அந்தப் பிடியின் மதிப்பையும் பாருங்கள். புது சப்ளையர் என்றால் முதல் சில ஆர்டருக்கு முன்பணம் கேட்க வாய்ப்பு அதிகம். சாம்பிள் துவைத்து எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்க வேண்டும், பழைய வெள்ளையோடு புது வெள்ளை பொருந்தாமல் போகலாம். அவகாசம் தேடிப் போய், ஏற்கெனவே இருக்கும் 15 நாளையும் இழப்பீர்கள்.

அவர் ஒப்புக்கொண்டால், ஒப்பந்தத்தில் தேதிகளாகவே எழுதுங்கள்: எந்த மாத பில், எந்தத் தேதிக்குள், எவ்வளவு. "மழைக்காலத்தில் கூடுதல் அவகாசம்" என்ற பொத்தாம்பொதுவான வரி, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் சண்டையாக மாறும். ஒன்பது பில்களின் 5-ம் நாளை இன்றே வங்கி ஆப்பில் ஷெட்யூல் போட்டுவிடுங்கள். அவற்றில் ஒன்று தவறினால், ஜூலை 11 வரை காத்திருக்க அவரிடம் காரணம் எதுவும் இருக்காது.