‘அவர்கள்’ சேர்த்துப் பாருங்கள்

‘ஐயா, தயவுசெய்து உட்காருங்கள்.’ இதில் உள்ளது ஏவல் வினைமுற்றா, வியங்கோள் வினைமுற்றா என்று கேட்டால், பல மாணவர்கள் வியங்கோள் என்றே எழுதுகிறார்கள். அதட்டினால் ஏவல், பணிந்து கேட்டால் வியங்கோள் என்று மனத்தில் பதிந்துபோனதுதான் காரணம். விடை ஏவல். ‘உட்கார்’ ஒருமை, ‘உட்காருங்கள்’ பன்மை. ‘தயவுசெய்து’ என்ற சொல் தொடருக்குப் பணிவு தருகிறதே தவிர, வினையின் வடிவத்தை மாற்றுவதில்லை.

இதற்கு நேர்மாறான சான்று வினாத்தாளிலேயே இருக்கிறது. ‘எவையேனும் ஐந்து வினாக்களுக்கு விடை தருக’ என்பது கட்டளைதான். ஆனாலும் ‘தருக’ வியங்கோள். வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்ற நான்கு பொருளும் வியங்கோளுக்கு உண்டு. ‘வாழ்க’ என்று வாழ்த்துவதும் ‘ஒழிக’ என்று வைவதும் ஒரே வடிவம். ஆகவே பொருளை மட்டும் நம்பினால் விடை தவறும்.

நான் நம்பும் சோதனை எளியது. வினைக்கு முன்னால் ‘அவர்கள்’ என்று சேர்த்துப் பாருங்கள். ‘அவர்கள் உட்காருங்கள்’ என்று யாரும் சொல்லமாட்டோம். ஏவல் எதிரே இருப்பவரிடம் மட்டுமே பேசும். ‘அவர்கள் வருக’ நிற்கிறது. ‘அவள் வருக’, ‘மழை வருக’ என்பனவும் நிற்கின்றன. இடம், பால், எண் எது மாறினாலும் வியங்கோள் மாறாது. தன்மையிலும் முன்னிலையிலும் வியங்கோள் நிலைபெறாது என்றது தொல்காப்பியம். எல்லா இடத்துக்கும் உரியது என்றது நன்னூல். பள்ளிப் பாடம் நன்னூலின் வழியில் செல்கிறது. எதிர்மறைக்கும் இச்சோதனை பொருந்தும்: ‘செல்லாதே’ ஏவல், ‘செல்லற்க’ வியங்கோள்.

வினாவில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘எவ்வகை வினைமுற்று’ என்று கேட்டால் வடிவத்தைப் பாருங்கள். ‘எவ்வகைத் தொடர்’ என்று கேட்டால் பொருளைப் பாருங்கள். ‘தயவுசெய்து உட்காருங்கள்’ என்பது வினையால் ஏவல், பொருளால் வேண்டுகோள். இரண்டும் சரியான விடைகளே, கேள்விதான் வேறு.

வியங்கோளுக்கு க, இய, இயர் என்ற விகுதிகள் வரும். இன்றைய எழுத்தில் ‘க’ தான் மிகுதி. ஆனால் ‘க’ வில் முடிவதெல்லாம் வியங்கோள் என்று எண்ணினால் ‘பெருக’ ஏமாற்றிவிடும். ‘புகழ் பெருக உழைத்தான்’ என்பதில் உள்ள ‘க’ விகுதி அன்று. ‘பெருகு’ என்ற பகுதியின் ககரமே ‘அ’ விகுதியோடு சேர்ந்து நிற்கிறது. ‘உழைத்தான்’ என்ற வினையைத் தழுவி நிற்பதால் அது வினையெச்சம். வாழ்த்தாகச் சொல்ல வேண்டுமானால் ‘புகழ் பெருகுக’ என்று எழுத வேண்டும்.