ஃபில்டர் போட்ட பிறகும் குறையாத மொத்தம்

திண்டுக்கல்லில் ஒரு மளிகை மொத்தக் கடை. நத்தம் லைனுக்கு வசூலுக்குக் கிளம்பும் பையனுக்காக, கணக்கு பார்ப்பவர் எக்செல் பாக்கிப் பட்டியலில் ‘நத்தம்’ என்று ஃபில்டர் போட்டு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். தாளில் மூன்று பில். மேலே மொத்தம் 68,000. பையன் செல்போனில் தட்டிப் பார்த்தான். 23,000 தான் வந்தது. “அண்ணே, மீதி 45,000 எந்தக் கடையில வாங்கணும்?” என்று கேட்டான்.

எந்தக் கடையிலும் இல்லை. அந்த 45,000 திண்டுக்கல், பழனி லைன்களில் நிற்கும் பாக்கி. ஃபில்டர் அதைக் கண்ணிலிருந்து மறைத்ததே தவிர, கூட்டலிலிருந்து எடுக்கவில்லை. பட்டியல் இதுதான். தலைப்பு 3-வது வரியில், பில்கள் 4 முதல் 11 வரை, பாக்கி D நெடுவரிசையில்.

| வரி | பில் எண் (A) | லைன் (C) | பாக்கி (D) |
|---|---|---|---|
| 4 | 101 | திண்டுக்கல் | 12,400 |
| 5 | 102 | நத்தம் | 8,250 |
| 6 | 103 | திண்டுக்கல் | 5,600 |
| 7 | 104 | பழனி | 15,000 |
| 8 | 105 | நத்தம் | 3,900 |
| 9 | 106 | பழனி | 7,350 |
| 10 | 107 | நத்தம் | 10,850 |
| 11 | 108 | திண்டுக்கல் | 4,650 |

B-யில் கடைப் பெயர்கள். நமக்கு இங்கே தேவையில்லை. மேலே D1-இல் இருந்த ஃபார்முலா இது:

```
=SUM(D4:D11)
```

D4 முதல் D11 வரை உள்ளதைக் கூட்டு என்பதுதான் இதற்கு அர்த்தம். அந்த வரிகள் திரையில் தெரிகிறதா, மறைந்திருக்கிறதா என்று SUM பார்ப்பதே இல்லை. ஃபில்டர் போட்டால் வரிகள் அழிவதில்லை, ஒளிந்துகொள்கின்றன, அவ்வளவுதான். இடது ஓரத்தில் வரி எண்களைப் பார்த்தால் தெரியும்: 5, 8, 10 என்று தாவித் தாவி, நீல நிறத்தில் நிற்கும். நடுவில் விட்டுப்போன எண்களெல்லாம் உள்ளேதான் இருக்கின்றன. SUM அவற்றையும் சேர்த்துத்தான் 68,000 என்கிறது. அது தப்பான கணக்கு இல்லை. நாம் கேட்க நினைத்த கேள்விக்கான கணக்கு இல்லை.

தெரிகிற வரிகளை மட்டும் கூட்ட வேறொரு ஃபார்முலா இருக்கிறது:

```
=SUBTOTAL(9,D4:D11)
```

D1-இல் இதைப் போட்டுவிட்டு நத்தம் ஃபில்டர் போட்டால் 8,250 + 3,900 + 10,850 = 23,000. பழனிக்கு மாற்றினால் 22,350. திண்டுக்கல்லுக்கு 22,650. ஃபில்டரை எடுத்துவிட்டால் மறுபடி 68,000. செல்லைத் தொடவே வேண்டாம், ஃபில்டர் மாற மாற அதுவே மாறும்.

அந்த 9 எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். SUBTOTAL கூட்டலுக்கு மட்டும் வந்த ஃபார்முலா இல்லை. சராசரி, எண்ணிக்கை, பெரியது, சிறியது எல்லாம் அதனால் முடியும். எது வேண்டும் என்பதை முதலில் வரும் எண்ணைக் கொண்டு சொல்ல வேண்டும். 9 என்றால் கூட்டல், 1 என்றால் சராசரி, 3 என்றால் காலியாக இல்லாத செல்கள் எத்தனை என்ற எண்ணிக்கை. ஃபார்முலாவைத் தட்டத் தொடங்கினால் எக்செல்லே இந்தப் பட்டியலை இறக்கிக் காட்டும், மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. பில் எண்கள் A நெடுவரிசையில் இருப்பதால், `=SUBTOTAL(3,A4:A11)` என்று பக்கத்தில் ஒன்று போட்டுவைத்தால் நத்தம் ஃபில்டரில் 3 என்று காட்டும். மொத்தத்தோடு எத்தனை பில் என்பதும் தாளில் இருந்தால் வசூலுக்குப் போகிறவருக்குச் சரிபார்க்க எளிது.

இந்தக் கோளாறு இத்தனை பேரை ஏமாற்றுவதற்கு ஒரு காரணம், சில ஃபைல்களில் மொத்தம் ஃபில்டரோடு ஒழுங்காக மாறும், சிலவற்றில் மாறாது. “போன மாச ஃபைல்ல சரியா வந்துச்சே” என்பார்கள். இரண்டையும் போட்டவர் ஒரே ஆள், அழுத்தியதும் அதே ஆட்டோசம் பட்டன். நடந்தது என்னவென்றால், எதுவும் ஃபில்டர் ஆகாத பட்டியலில் ஆட்டோசம் அழுத்தினால் எக்செல் SUM எழுதும். ஃபில்டர் போட்டு சில வரிகள் மறைந்திருக்கும்போது அதே பட்டனை அழுத்தினால் SUBTOTAL எழுதும். எந்த நேரத்தில் அழுத்தினோம் என்பதைப் பொறுத்து ஃபார்முலா மாறிவிடுகிறது. செல்லில் தெரிவது வெறும் எண் என்பதால் வித்தியாசம் வெளியே தெரியாது. மொத்தம் இருக்கும் செல்லைக் க்ளிக் செய்து, மேலே ஃபார்முலா பட்டையைப் பார்த்தால்தான் எது என்று தெரியும்.

ஃபார்முலாவைப் பார்க்காமலே சோதிக்கவும் வழி உண்டு. ஃபில்டர் போட்ட நிலையில் பாக்கித் தொகைகளை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். திரையின் அடியில் வலது பக்கம் Sum என்று ஒரு எண் வரும். ஃபில்டர் மறைத்த வரிகளை விட்டுவிட்டுத் தெரிகிறதை மட்டும் கூட்டிய எண் அது. அது 23,000, செல்லில் 68,000 என்றால் விஷயம் முடிந்தது: உள்ளே இருப்பது SUM.

இனி 109. சில ஃபைல்களில் `=SUBTOTAL(109,D4:D11)` என்று இருக்கும். அதுவும் கூட்டல்தான். ஃபில்டரைப் பொறுத்தவரை 9-க்கும் 109-க்கும் வித்தியாசமே இல்லை; இரண்டும் ஃபில்டர் மறைத்த வரிகளை விட்டுவிடும். வித்தியாசம் நாமே கையால் மறைக்கும் வரிகளில். பழைய தகராறில் இருக்கும் 105-ஆம் பில்லை இப்போதைக்குப் பார்க்க வேண்டாம் என்று, ஃபில்டர் எதுவும் இல்லாதபோது, 8-வது வரியின் எண் மேல் ரைட் க்ளிக் செய்து Hide கொடுக்கிறோம் என்று வையுங்கள். 9 போட்ட மொத்தம் அப்படியே 68,000 காட்டும். 109 போட்டது 3,900-ஐக் கழித்து 64,100 காட்டும். எனக்குக் கேட்டால், லைன் வாரியாக ஃபில்டர் போட்டுப் பார்க்கும் பட்டியலுக்கு 9 போதும். கையால் ஒரு வரியை மறைத்துவிட்டு மறந்துபோனால் 109 சத்தமில்லாமல் அந்தப் பணத்தையும் மறைத்துவிடும். ஆனால் பட்டியலை டேபிளாக மாற்றி அதன் Total Row-வைப் போட்டால் எக்செல் தானாக 109 தான் எழுதும் என்பது நினைவிருக்கட்டும். இன்னொன்று, வரிகளுக்குத்தான் இந்த வசதி. ஜனவரி, பிப்ரவரி என்று குறுக்கே போகும் கணக்கில் ஒரு நெடுவரிசையை மறைத்தால் 9-ம் விடாது, 109-ம் விடாது.

மொத்தத்தை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பட்டியலுக்கு அடியிலேயே ஒட்டி SUM வைத்தால், ஃபில்டர் போடும்போது அந்த வரியையும் ஒரு பில் என்று நினைத்து எக்செல் மறைத்துவிடலாம். மேலே, தலைப்புக்கு முன்னால் ஒரு காலி வரி விட்டு வைப்பதே நல்லது. நம் பட்டியலில் மொத்தம் D1-இல், 2-வது வரி காலி, 3-இல் தலைப்பு என்று வைத்ததற்கு அதுதான் காரணம். பில்கள் கீழே வளர்ந்துகொண்டே போனாலும் மொத்தத்தைத் தேட வேண்டாம். ஃபார்முலாவில் மட்டும் D11-க்குப் பதில் D500 என்று தாராளமாகக் கொடுத்துவைக்கலாம்.

SUBTOTAL பழகியவுடன் பலர் அதே உற்சாகத்தில் வரிசை எண்ணையும் அதைக் கொண்டே போடுவார்கள். ஃபில்டர் போட்டாலும் 1, 2, 3 என்று எண் தொடர்ந்து வர வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு வரியிலும் `=SUBTOTAL(3,$A$4:A4)` என்று இழுத்துவிடுவது. இதில் ஒரு பொறி இருக்கிறது. நத்தம் ஃபில்டர் போட்டால் 5, 8, 10 வரிகளோடு, சம்பந்தமே இல்லாத 11-வது வரியும், அதாவது திண்டுக்கல் பில்லும், தெரியும். மேலே மொத்தம் 23,000-க்குப் பதில் 27,650. கடைசி வரியில் SUBTOTAL இருப்பதைப் பார்த்து, அது மொத்தம் காட்டும் வரி போலிருக்கிறது என்று எக்செல் அதை ஃபில்டரில் சேர்க்காமல் விட்டுவிடுவதுதான் காரணம். ஃபில்டரில் கடைசி வரி மட்டும் அடம்பிடித்து நிற்கிறதென்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். வரிசை எண்ணுக்கு இப்படி எழுதினால் தொல்லை இல்லை:

```
=AGGREGATE(3,5,$A$4:A4)
```

3 எண்ணிக்கைக்கு, 5 மறைந்த வரிகளை விடுவதற்கு. எக்செல் 2010 முதல் இது இருக்கிறது.

லைன் வாரியாகப் பிரித்து ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு துணை மொத்தம், கடைசியில் பெரிய மொத்தம் என்று கணக்கு எழுதும் பழக்கம் உள்ளவர்களுக்கு SUBTOTAL இன்னொரு விதத்திலும் உதவும். தன் எல்லைக்குள் வேறு SUBTOTAL செல் இருந்தால் அதை எண்ணாமல் தாண்டிப் போய்விடும். 22,650, 23,000, 22,350 என்ற மூன்று துணை மொத்தங்களும் SUBTOTAL-ஆக இருந்தால், அடியில் மொத்தப் பட்டியலுக்கும் சேர்த்துப் போடும் SUBTOTAL 68,000 என்றே வரும். எல்லாமே SUM என்றால் பில்களையும் துணை மொத்தங்களையும் சேர்த்துக் கூட்டி 1,36,000 ஆகிவிடும். பாதி SUM, பாதி SUBTOTAL என்று கலந்து வைத்தாலும் இதே கதைதான். SUM-இல் போட்ட துணை மொத்தத்தை SUBTOTAL சாதாரண எண்ணாகவே பார்க்கும்.

அதற்காக ஃபைலில் உள்ள SUM எல்லாவற்றையும் தூக்கிவிட வேண்டாம். அந்த மளிகைக் கடையில் கடைசியில் இரண்டையும் வைத்தார்கள். B1-இல் ‘மொத்தப் பாக்கி’ என்று SUM, D1-இல் ‘இந்த லைன் பாக்கி’ என்று SUBTOTAL. நத்தம் ஃபில்டரில் ஒன்று 68,000, மற்றது 23,000. மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே நத்தத்தில் நிற்கிறது என்பது முதலாளிக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பெயர் எழுதியிருப்பதால், பையனும் எந்த எண்ணைப் பார்த்து வசூல் செய்வது என்று குழம்புவதில்லை.