நாற்பது நொடியில் நழுவும் உலகம்

மெக்சிகோவின் ஒஹாக்கா மலைகளில், நிழலும் ஈரமும் உள்ள ஓடையோரங்களில் வளரும் செடி அது. நம் துளசி, புதினா குடும்பம்தான்; தண்டைத் தொட்டால் அதே சதுரம். பெயர் சால்வியா டிவினோரம். காய்ந்த இலையைப் புகைத்தவர்கள் பிறகு சொல்வதைக் கேட்டால் திகைப்பாக இருக்கிறது. சுவரோடு சுவராகிப் போனதாக ஒருவர், பல வருஷம் வேறெங்கோ வாழ்ந்து திரும்பியதாக இன்னொருவர். கடிகாரத்தில் நகர்ந்தது பத்து நிமிடம்.

முதல் காரணம் வேகம். இலையில் உள்ள சால்வினோரின் ஏ என்ற பொருளைக் குரங்குகளுக்கு நரம்பில் செலுத்தி ஸ்கேன் செய்தபோது, நாற்பது நொடிக்குள் மூளையில் உச்சம் தொட்டது. சுமார் எட்டு நிமிடத்தில் பாதி வடிந்துவிட்டது. எல்.எஸ்.டி. மெதுவாகத்தான் ஏறும். சுவர்கள் அசையத் தொடங்கும்போதே, 'நான் சாப்பிட்டதன் வேலை இது' என்று மனம் பிடித்துக்கொள்ள நேரம் இருக்கிறது. சால்வியாவில் அந்த நேரமே கிடையாது. புகைத்தோம் என்ற நினைவே பலருக்குத் தப்பிவிடுகிறது. காரணம் தெரியாதவனுக்கு, முடிவு வரும் என்பதும் தெரியாது. அந்தப் பீதிக்கு இதுவே வேர் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, அது திறக்கும் கதவு வேறு. எல்.எஸ்.டி.யும் மாயக் காளானும் செரட்டோனின் ஏற்பிகளில் வேலை செய்கின்றன. சால்வினோரின் பற்றுவது கப்பா ஓப்பியாய்டு ஏற்பியை. 2002இல் பிரையன் ராத் குழு இதைக் கண்டறிந்தது. மார்ஃபின் பற்றும் மியூ ஏற்பி சுகம் தரும். கப்பா பெரும்பாலும் மனக்கலக்கத்தையே தரும். உடல் எங்கே முடிகிறது, அறை எங்கே தொடங்குகிறது என்ற எல்லையும் குலைகிறது. 2010இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் நான்கு பேரிடம் சோதித்தபோது இரண்டு நிமிடத்தில் உச்சம், இருபது நிமிடத்தில் ஏறக்குறைய தெளிவு. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் பெரிதாக மாறவில்லை. உடல் அமைதியாக இருக்க, மனம் மட்டும் கவிழ்ந்திருக்கிறது.

வேகம்தான் காரணமா என்று பார்க்க மசாடெக் மக்களிடமே போகலாம். அவர்களுடைய வைத்தியர்கள் பச்சை இலையை, இருட்டறையில், மென்று உண்ணக் கொடுப்பார்கள். வாயின் உட்தோல் வழியே மெல்ல ஏறுவதால் அனுபவம் தணிவாகவும் நீளமாகவும் அமைகிறது. டி.எம்.டி.யும் அப்படியே. புகைத்தால் கால் மணி நேரச் சூறாவளி. அமேசான் மக்கள் அதைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் ஒரு கொடியோடு சேர்த்துக் காய்ச்சிக் குடிக்கும்போது பல மணி நேரம் நீள்கிறது. பொருள் அதேதான், ஏறும் சரிவு வேறு.

இதில் கண்கூடான ஆபத்து, அந்தச் சில நிமிடங்களில் எழுந்து நடப்பதுதான். மாடிப்படி, சாலை, அடுப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அப்படி ஒருவரைக் கண்டால் பக்கத்திலேயே உட்காருங்கள், வழியில் இருப்பதை அகற்றுங்கள், தாழ்ந்த குரலில் பேசுங்கள். ஒரு மணி நேரம் கடந்தும் தெளியவில்லை என்றால், உள்ளே போனது வேறு ஏதோ என்று கொண்டு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.