மூலையில் நாலு சாகும், ஆறு பிழைக்கும்

ஆடுபுலி ஆட்டத்தில் புலியை நகரவிடாமல் அடைப்பது எப்படி என்று சின்னசேலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சீனாவில் பிறந்து ஜப்பானிலும் கொரியாவிலும் பரவிய 'கோ' ஆட்டமும் அடைத்துப் பிடிப்பதுதான். ஆனால் இதில் வைத்த காய் நகராது.

குறுக்கும் நெடுக்கும் 19 கோடுகள். அவை வெட்டும் புள்ளிகளில்தான் காய் வைக்க வேண்டும். காயை ஒட்டியிருக்கும் காலிப் புள்ளியை அதன் மூச்சு எனலாம். ஒட்டிய காய்கள் ஒரு கூட்டம். கூட்டத்தின் கடைசி மூச்சும் அடைபட்டால் மொத்தமும் பலகையைவிட்டுப் போய்விடும். கூட்டத்துக்குள் தனித்தனியாக இரண்டு ஓட்டைகள், அதாவது இரண்டு 'கண்கள்' இருந்தால் அதைக் கொல்லவே முடியாது. ஒரு முறைக்கு ஒரு காய்தானே வைக்கலாம்? இரண்டையும் சேர்த்து அடைக்க வழியில்லை.

மூலைக்கு வருவோம். விளிம்புக் கோட்டில் மூலையிலிருந்து 1, 2, 3 என்று புள்ளிகளை எண்ணுங்கள். அதற்கு அடுத்த கோட்டில், மூலைச் சுவர் தொடங்கி வரிசையாக ஐந்து கறுப்புக் காய்கள். வெளியே முழுக்க வெள்ளை. உள்ளே ஐந்து காலிப் புள்ளிகள். முறை கறுப்புக்கு வந்தால் 5-இல் வைத்துக் கதவைச் சாத்தும். மிச்சம் நாலு புள்ளி. வெள்ளை 2-இல் புகுந்தால் கறுப்பு 3-இல் வைக்கும். 3-இல் புகுந்தால் 2-இல். எப்படியும் இரண்டு கண்.

முறை வெள்ளைக்கு என்றால் அது 5-இல் நுழையும், கறுப்பு 4-இல் தடுக்கும். மிச்சம் மூன்றே புள்ளி. வெள்ளை நடுவில், 2-இல் வைத்தால் கதை முடிந்தது. 5-இல் உள்ள வெள்ளையைக் கறுப்பு 6-இல் வைத்துப் பிடிக்கலாமே என்று தோன்றும். பிடிக்கலாம்தான். ஆனால் வெள்ளை 7-இல் வைத்ததும் அந்த ஓட்டை போலிக் கண். 6-இல் இருக்கும் காயை வெள்ளை திரும்பப் பிடித்துவிடும்.

இதே கணக்கில் நாலு காய் இருந்தால், கறுப்பே முதலில் ஆடினாலும் மூன்று புள்ளிதான் தேறும், சாவு. ஆறு இருந்தால் வெள்ளை முதலில் நுழைந்தாலும் நாலு மிஞ்சும், உயிர். மூலையை விட்டுப் பக்கவாட்டு விளிம்புக்குப் போனால் இரண்டு முனையிலும் வெள்ளை நுழையலாம். அதனால் அங்கே ஆறும் சாகும், ஏழு ஆட்ட முறையைப் பொறுத்தது, எட்டு பிழைக்கும்.

எண்ணிக்கை மட்டும் காப்பாற்றாத இடமும் உண்டு. மூலையில் இரண்டுக்கு மூன்றாக ஆறு காலிப் புள்ளிகளை வளைத்திருக்கும் கூட்டம் பார்க்கத் தாராளமாக இருக்கும். வெளியே இரண்டு மூச்சு இருந்தால் அதற்கு உயிர் உறுதி. வெளி மூச்சு ஒன்றுகூட இல்லாமல் எதிராளி முதலில் ஆடினால் சாவு. உள்ளே எண்ணியபின் வெளியேயும் எண்ணத்தான் வேண்டும்.

முதல் கணக்குக்குப் புளியங்கொட்டையும் சோழியும் போதும். ஐந்து என்றால் உடனே ஆடுங்கள். நாலோ ஆறோ என்றால் அங்கே ஒரு காயைக்கூட வீணாக்காதீர்கள். வேறு பக்கம் வையுங்கள்.